ஜூலைக் கூட்டத்தை ஜூனுக்கு நகர்த்தியது எப்படி

வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. "ஜூலை 31 கடைசி நாள், விரைவீர்" என்று ஜூலை கடைசியில்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவேன். சம்பளக்காரர்கள் எல்லாரும் கடைசி நாலு நாளில் வந்து நிற்பார்கள், பாதிப் பேர் கையில் ஃபார்ம் 16 மட்டும்தான் இருக்கும். ஒரு ஆசிரியைக்கு எஃப்.டி. வட்டி 42,000 ரூபாய், வருமான வரித் துறை தளத்தில் தெரியும் ஆண்டு வருமான விவரப் பட்டியலான ஏ.ஐ.எஸ்.-இல் இருந்தது, அவசரத்தில் நான் பார்க்கவில்லை, அப்புறம் திருத்திய ரிட்டர்ன் போட்டோம்.

அடுத்த வருடம் தேதியை விட்டுவிட்டு, ஒரு பதிவுக்கு ஒரே ஒரு காகிதம் என்று கேட்டேன். மே மாதம் வங்கி வட்டிச் சான்றிதழ். ஃபார்ம் 16 கொடுக்க அலுவலகங்களுக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு என்பதால், அதற்கு முன்னால் கேட்டுப் பயனில்லை, 16-ஆம் தேதி காலைதான் அந்தப் பதிவு. ஜூலை முதல் வாரம், ஏ.ஐ.எஸ்.-இல் வட்டி எந்த இடத்தில் தெரியும் என்று பெயர், பான் எண் மறைத்த ஒரு படம். அந்தப் படத்துக்குத்தான் அதிகம் பேர் "சார், எனக்கும் இப்படி இருக்கே" என்று பதில் போட்டார்கள்.

ஆகஸ்டிலும் ஒரு பதிவு வேண்டும்: தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யச் சொல்லி.