உள்ளார்ந்த மதிப்பு இல்லாத ஆப்ஷனுக்கு ஏன் விலை இருக்கிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஃப்டி 25,000-இல் நிற்கிறது, ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 12 சதவீதம், வட்டி 6 சதவீதம் என்று கொண்டு ஆப்ஷன் விலையைக் கணிக்கும் பிளாக்–ஷோல்ஸ் முறைப்படி கணக்கிட்டால், 24,500 கால் ஆப்ஷனின், அதாவது நிஃப்டியை 24,500 என்ற ஸ்ட்ரைக் விலையில் வாங்கும் உரிமையின், பிரீமியம் எனப்படும் விலை ஏறத்தாழ 735 ரூபாய். இதில் 500 ரூபாய் உள்ளார்ந்த மதிப்பு, அதாவது நிஃப்டி ஸ்ட்ரைக் விலையை ஏற்கெனவே தாண்டியிருக்கும் அளவு. மீதி 235 ரூபாய் கால மதிப்பு. 25,000 கால் ஆப்ஷனின் 407 ரூபாயும், 26,500 கால் ஆப்ஷனின் 23 ரூபாயும் முழுக்க முழுக்கக் கால மதிப்புதான்.

அந்த 23 ரூபாயைச் சந்தையின் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது முதல் தவறு. ஆப்ஷன் வாங்கியவருக்கு எக்ஸ்பைரியில் கிடைக்கும் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. நிஃப்டி 26,400-இல் முடிந்தாலும் 23,000-இல் முடிந்தாலும் அவர் இழப்பது அதே 23 ரூபாய்தான். மேலே போனால் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் அவருக்குச் சேரும். மேற்சொன்ன கணக்கின்படி, நிஃப்டி 26,500-ஐத் தாண்டி முடிய நூற்றுக்குச் சுமார் ஆறு வாய்ப்பு உண்டு. அப்படி முடியும்போது சராசரியாக 400 புள்ளிகள் அளவுக்கு அதைத் தாண்டியிருக்கும். 400-இல் நூற்றில் ஆறு பங்கு என்றால் 24. விலை வருவது இங்கிருந்துதான். நிஜச் சந்தையில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் ஏற்ற இறக்க மதிப்பீடு சற்று மாறுபடுவதால் திரையில் தெரியும் எண் வேறாக இருக்கலாம். ஆனால் விலை உருவாகும் விதம் இதுவே.

இரண்டாவது தவறுதான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது என்பது என் கருத்து. கால மதிப்பு நாளுக்கு இவ்வளவு என்று சீராகக் குறையும் என்றோ, கடைசி வாரத்தில்தான் வேகமாகக் கரையும் என்றோ பலர் நம்புகிறார்கள். கடைசி வாரத்தின் வேகம் 25,000 போன்ற, சந்தை விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்குக்குப் பொருந்தும். நிஃப்டி அசையாமல் 15 நாள் கடந்தால் அந்த ஆப்ஷன் 407-இலிருந்து 275 ரூபாய்க்கு அருகில் வரும். இழப்பு மூன்றில் ஒரு பங்குதான். அதே 15 நாளில் 26,500 ஆப்ஷனோ 23 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய்க்குக் கீழே போய்விடும். 1,500 புள்ளிகள் ஏற 30 நாள் இருந்தபோது ஓரளவு இருந்த வாய்ப்பு, நாள் பாதியானதும் பாதியாகக் குறையாமல் ஏறத்தாழ மறைந்துவிடுவதே காரணம்.

இதனால்தான் திசையைச் சரியாகக் கணித்தவரும் நஷ்டப்படுகிறார். அந்த 15 நாளில் நிஃப்டி 300 புள்ளிகள் ஏறி 25,300-ஐ அடைந்தாலும், 26,500 கால் ஆப்ஷன் 9 ரூபாய்க்குத்தான் விலை போகும். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியது, எந்த நாளுக்குள் எத்தனை புள்ளிகள் ஏற வேண்டும் என்பதே.

ஏற்ற இறக்க மதிப்பீட்டைப் பார்க்காமல் பிரீமியத்தின் ரூபாயை மட்டும் பார்த்து ‘மலிவு’ என்பதும் தவறு. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, 12 சதவீதம் 15 ஆனால் அதே 23 ரூபாய் ஆப்ஷன் 57 ரூபாய் ஆகிவிடும். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற நாள்களுக்கு முன்பு இந்த மதிப்பீடு உயர்ந்திருப்பது வழக்கம். நிகழ்வு முடிந்ததும் அது இறங்கும்போது, சந்தை சாதகமாக நகர்ந்திருந்தாலும் தொலைதூர ஆப்ஷனின் விலை சரியலாம். நிஃப்டியில் எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இந்தியா விஐஎக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், எல்லா ஸ்ட்ரைக்குகளின் விலைகளையும் காட்டும் ஆப்ஷன் செயின் பட்டியலில் இந்த மதிப்பீட்டைத் தரும் ஐவி என்ற பத்தியையும் பார்த்த பிறகே 23 ரூபாய் குறைவா அதிகமா என்று சொல்ல முடியும்.

விற்பவர்கள் செய்யும் தவறு இதன் மறுபக்கம். பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும் ஆப்ஷன் என்பதால் அந்தப் பிரீமியத்தைச் சும்மா கிடைக்கும் பணமாக அவர்கள் எண்ணுகிறார்கள். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,264-க்கு அருகில் முடிந்தது. அன்று 22,000 புட் ஆப்ஷன், அதாவது நிஃப்டியை 22,000-இல் விற்கும் உரிமை, 1,200 புள்ளிகளுக்கு மேல் தள்ளி, உள்ளார்ந்த மதிப்பு ஏதுமின்றி இருந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவு வெளியானபோது நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்து 21,884-இல் முடிந்தது. ஒரே நாளில் அந்தப் புட் 115 ரூபாய் உள்ளார்ந்த மதிப்பைப் பெற்றது. எக்ஸ்பைரி வரை மீதமிருந்த கால மதிப்பும் அதற்கு மேல் சேர்ந்தது.