குளிரறையின் சி.ஓ.பி. கணக்கு: காரைக்குடி வீட்டின் பின்கட்டில் ஓர் அளவீடு

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. விருந்துச் சமையலுக்கான பாலும் காய்கறியும் வைக்க, அதன் பின்கட்டில் சிறிய குளிரறை ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் மின்கட்டணம் ஏறியதும், கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் பழுதுபார்க்க வந்தவர். மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று என் டிப்ளமோ மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு போனேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

கம்ப்ரசர் செய்யும் ஒரு பங்கு வேலைக்கு, அறையிலிருந்து எத்தனை பங்கு வெப்பம் வெளியேறுகிறது என்பதே சி.ஓ.பி.

படி 1: அழுத்தத்திலிருந்து வெப்பநிலை

இயந்திரத்தில் இருந்தது ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு. தாழ் அழுத்த மானி சுமார் 20.5 பி.எஸ்.ஐ. காட்டியது, உயர் அழுத்த மானி 218. எந்த அழுத்தத்தில் வாயு எந்த வெப்பநிலையில் ஆவியாகும் என்று காட்டும் அட்டவணையில் இருப்பது முழு அழுத்தம் என்பதால் இரண்டோடும் காற்றழுத்தம் 14.7-ஐக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால், அறையின் வெப்பத்தை உறிஞ்சும் எவாப்பரேட்டரில் வாயு −5°C-இல் ஆவியாகிறது. அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டென்சரில் 58°C-இல் திரவமாகிறது.

படி 2: இடைவெளிகள்

அறைக்குள் 5°C. ஆவியாகும் வெப்பநிலைக்கும் அதற்கும் 10 டிகிரி இடைவெளி, இது சரியே. வெப்பம் சரிவில்தான் பாயும். இடைவெளியே இல்லாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை.

வெளியே நிழலில் 38°C. அப்படியானால் கண்டென்சர் பக்க இடைவெளி 20 டிகிரி. இது அதிகம். தகடுகளில் தூசி படிந்திருக்கும் என்று நினைத்து விளக்கடித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தன. பிறகு வெப்பமானியை, கண்டென்சர் காற்றை உள்ளிழுக்கும் இடத்திலேயே பிடித்தோம். 46°C! உண்மையான இடைவெளி 12 டிகிரிதான். கண்டென்சர் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குக் கிடைக்கும் காற்றுதான் கெட்டது. நாற்புறமும் உயர்ந்த சுவர் சூழ்ந்த சந்தில் இயந்திரம் நின்றது. தான் ஊதிய சூடான காற்றையே அது திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.

(வெப்பப் பரிமாற்றிப் பாடத்தில் மிகக் குறுகிய இடைவெளியைத்தான் அணுகு வெப்பநிலை என்பார்கள். இங்கே உள்ளே நுழையும் காற்றை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். களத்தில் அளக்க அதுவே எளிது.)

படி 3: கம்ப்ரசரின் உண்மைத் திறன்

வாயு சுமந்து செல்லும் வெப்ப ஆற்றலின் கணக்கே என்தால்பி. ஒரு கிலோ வாயுவுக்கு அது, கிலோஜூலில்: கம்ப்ரசருக்குள் நுழையும்போது 396, கண்டென்சரை விட்டு வெளியேறும் திரவத்தில் 284. (0°C திரவத்துக்கு 200 என்று வைத்த அட்டவணை இது. அட்டவணைக்கு அட்டவணை தொடக்கப்புள்ளி மாறும். இரண்டைக் கலந்து எடுத்தால் விடை பாழாகிவிடும்.)

உராய்வும் கசிவும் இல்லாத கம்ப்ரசராக இருந்தால் என்ட்ரோபி மாறாமல் அழுத்தி 435-இல் விடும். செய்யும் வேலை 39. உண்மையில் வெளிக்குழாயில் கட்டிய வெப்பமானி ஏறத்தாழ 80°C காட்டியது. அந்த அழுத்தத்தில் அதற்குரிய என்தால்பி சுமார் 452. அதாவது வேலை 56. இரண்டையும் வகுத்தால் திறன் 70 சதவீதம். சிறிய மூடிய கம்ப்ரசருக்கு இது குறையே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கம்ப்ரசர் உடல் வழியே வெப்பம் கசிவதால் குழாய் சற்றுக் குளிர்ந்து, திறன் கூடுதலாகத் தெரியும். உள்ளே வரும் வாயு ஆவியான பிறகும் சூடேறியிருந்தால் வெளிக்குழாயும் அதற்கேற்பச் சூடாகும்; அப்போது நுழைவு என்தால்பியையும் மீசூட்டு அட்டவணையில் பார்த்தே எடுக்க வேண்டும். இங்கே அதை விட்டுவிட்டேன்.

படி 4: சி.ஓ.பி.

```
COP = (396 - 284) / (452 - 396) = 2.0
```

சந்தில் 38°C காற்றே கிடைத்தால்? அதே 12 டிகிரி இடைவெளியில் வாயு 50°C-இல் திரவமாகும். திரவத்தின் என்தால்பி 272-ஆக இறங்கும். கம்ப்ரசரின் திறன் அதே 70 சதவீதம் என்று கொண்டால் வேலை 50-ஆகக் குறையும். 124-ஐ 50-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.5. அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

இழப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 5°C அறைக்கும் 38°C காற்றுக்கும் நடுவே, எந்த இழப்பும் இல்லாத கார்னோ இயந்திரத்தின் சி.ஓ.பி.க்கு, குளிர்ப்பக்க வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து இடைவெளியால் வகுக்க வேண்டும்: 278-ஐ 33-ஆல் வகுக்க 8.4 வரும். இருபுற இடைவெளிகளைச் சேர்த்து −5°C-க்கும் 50°C-க்கும் நடுவே அதையே கணக்கிட்டால் 268-ஐ 55-ஆல் வகுக்க 4.9. கம்ப்ரசரைத் தொடுவதற்கு முன்பே பாதிக்கு அருகில் போய்விட்டது!

வீட்டுக்காரரிடம் கம்ப்ரசரை மாற்றவேண்டாம், கண்டென்சரை மட்டும் மொட்டைமாடியில் நிழலான, திறந்த பக்கத்துக்கு ஏற்றுங்கள் என்றேன். ஏற்றிய பிறகு ஒரு நண்பகலில் போய்ப் பார்த்தோம். உள்ளிழுக்கும் காற்று 38, உயர் அழுத்த மானியில் 177 பி.எஸ்.ஐ., அதாவது கணக்கில் வந்த அதே 50°C; வெளிக்குழாய் 70°C-ஐ ஒட்டி நின்றது.