"விசாரித்ததில் தெரியவந்தது": களக்குறிப்பில் ஒளிந்திருக்கும் தவறுகள்

சமூகப்பணி மாணவர்களின் களக்குறிப்பில் "குடிகாரர்", "பொறுப்பில்லாதவள்" போன்ற சொற்கள் உடனே கண்ணில் படும், அடித்துவிடலாம். அலுவலக நடையில் சாதுவாக நிற்கும் வாக்கியங்கள்தான் தப்பிவிடும்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய்வந்த மாணவி எழுதுகிறார்:

"தந்தை மது அருந்தியதாகத் தோன்றியது. தாய்க்குப் படிப்பில் அக்கறை இல்லை. பீடி வேலையால் படிப்பு நின்றது என விசாரித்ததில் தெரியவந்தது. தாய் எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுக்கிறார்."

"தோன்றியது" என்று சேர்த்துவிட்டால் ஊகம் உண்மையாகிவிடாது. எதைப் பார்த்துத் தோன்றியது? கேட்டால், காலை 11 மணிக்கு அவர் படுத்திருந்தார், அவ்வளவுதான். இரவு ஷிப்ட் முடித்து வந்தவராகவும் இருக்கலாமே. அக்கறை விஷயமும் அப்படியே. பேசும்போது தாய் கையை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. கை நின்றால் காசு நிற்கும்.

என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது வரி. யாரை விசாரித்தார்? பக்கத்து வீட்டாரை என்றால் அது கேள்விப்பட்ட செய்தி. அந்த வீட்டு விஷயத்தை அக்கம்பக்கத்தில் கேட்டதே ரகசியத்தைப் பாதி உடைத்த மாதிரிதான். அப்புறம், பெண் பீடிக்கு நூல் கட்டியது ஒரு தகவல், பள்ளிக்குப் போகாதது இன்னொன்று. ஒன்றால் மற்றது நடந்தது என்பது மாணவி போட்ட முடிச்சு.

திருத்தினால் இப்படி வரும்:

"பார்த்தது: காலை 11 மணிக்குத் தந்தை படுத்திருந்தார், அவரிடம் பேசவில்லை. தாய் பீடி சுற்றியபடி பதில் சொன்னார். மகள் நூல் கட்டினாள். தாய் சொன்னது: 'காய்ச்சல்ல நின்னா, அப்புறம் போக மாட்டேங்குறா.' என் கணிப்பு: வீட்டு வேலையும் காரணமாக இருக்கலாம். மகளிடம் தனியாகப் பேசியும், வருகைப் பதிவேட்டைப் பார்த்தும் உறுதி செய்ய வேண்டும்."

கணிப்பையே எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, அது இல்லாமல் அடுத்த வருகையில் எதைக் கேட்பது? தனித் தலைப்பில், ஆதாரத்தோடு இருந்தால் போதும்.

எச்.ஐ.வி. வரியை இந்தக் குறிப்பிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். பள்ளி சம்பந்தமான கோப்பு தலைமையாசிரியர் கைக்குப் போகும். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி, தாயின் தெளிவான சம்மதம் இல்லாமல் அந்த நிலையை வெளியிடக்கூடாது. பெயருக்குப் பதில் எண் போட்டுவிட்டேன் என்ற சமாதானமும் செல்லாது. தெருவையும் வகுப்பையும் அம்மாவின் தொழிலையும் சேர்த்து எழுதினால், சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். வகுப்பறையில் விவாதிக்கப் போகும் பிரதியில் அந்த மூன்றில் ஒன்றையாவது எடுத்துவிடச் சொல்வேன், பெரும்பாலும் தெருவை.