மீட்டர் சைபர் காட்டியது, லைனில் 230 இருந்தது

ஐ.டி.ஐ. முடித்த கையோடு பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனிக்கு எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் இன்டர்வியூ போனேன். தியரியைச் சமாளித்துவிட்டேன். பிறகு ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் பேனல் முன்னால் நிறுத்தி, "கான்டாக்டரை மாற்றணும், எப்படி ஆரம்பிப்பே?" என்றார் சூப்பர்வைசர்.

எம்.சி.சி.பி.யை ஆஃப் செய்தேன். அவர் கொடுத்த மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் சைபர். "சப்ளை இல்லை சார்" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மீட்டரின் நாப் டி.சி. வோல்ட்டில் இருந்தது. ஏ.சி.யை அப்படி அளந்தால் கிட்டத்தட்ட சைபர்தான் காட்டும். அவர் ஏ.சி.க்குத் திருப்பி, ஸ்டாப் பட்டனுக்கு வரும் வயரில் வைத்தார்: 230. கன்ட்ரோல் சப்ளை வேறு பேனலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த இன்டர்வியூவில் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தது இதுதான்.

1. ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். டிராயிங்கைக் கேளுங்கள், இந்தப் பேனலுக்கு எத்தனை இடத்திலிருந்து சப்ளை வருகிறது என்று பாருங்கள்.

2. ஒவ்வொன்றையும் ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள், பெயர் எழுதிய டேகை மாட்டுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்.

3. ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஓடவில்லை என்றாலும் இது மட்டும் போதாது.

4. மீட்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து 230 காட்டுகிறதா பாருங்கள். அப்புறம் பேனலில் பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு நியூட்ரல், பேஸுக்கு எர்த், கூடவே கன்ட்ரோல் டெர்மினல்கள். முடிந்ததும் திரும்பவும் அந்த உறுதியான இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கடைசி அளவு எதற்கு என்று கேட்பார்கள். நடுவில் லீட் அறுந்திருக்கலாம், பேட்டரி போயிருக்கலாம். அப்போதும் மீட்டர் காட்டுவது சைபர் அல்லது வெற்றுத் திரை, நீங்களோ சப்ளை இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் இந்த ஒரு பதிலைச் சொன்னதும் இரண்டாவது கம்பெனி சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பாக்கெட்டில் நியான் டெஸ்டர் இருக்கட்டும், ஆனால் அதைக் காட்டி "செக் பண்ணிட்டேன்" என்று சொல்லாதீர்கள். வெயிலில் வெளிச்சம் தெரியாது, நன்றாக உலர்ந்த பலகை மேல் நின்றால் மங்கலாகத்தான் எரியும். எனக்கு இரண்டு லீட் உள்ள வோல்டேஜ் டெஸ்டர்தான் பிடிக்கும். நாப் இல்லாத மாடலில் தப்பாகத் திருப்ப வழியே இல்லை.

பின்சேர்க்கை: ஒசூர் தம்பி ஒருவர், "ஷாப்பே ஷட்டவுன், லைவ் பாயின்டுக்கு எங்கே போவது அண்ணா?" என்று கேட்டிருந்தார். டெஸ்டரைச் சோதிக்கவே பேட்டரியில் ஓடும் ப்ரூவிங் யூனிட் இருக்கிறது. இன்டர்வியூவில், "உங்களிடம் அது இருக்கிறதா சார்?" என்று கேட்டுவிடுங்கள்.