பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு விளம்பரம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்காக அச்சிடப்படும் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றில் 'அன்பும் அரவணைப்பும்', 'நூறு வீதம் பாதுகாப்பு' என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வேலைக்குப் போகும் தாய்க்கு இவை ஆறுதல் தருவதில்லை, ஏனெனில் படலையைத் திறந்து உள்ளே வந்தவுடன் அவர் தேடுவது கிணற்றை.

இங்கு இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் குடியிருந்த வீடுகளிலேயே நடப்பதால், வளவில் கிணறு இருப்பது வழமை. அதைப் பற்றி எழுதினால் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று எண்ணி மறைப்பதுதான் முதல் தவறு. 'வளவிலுள்ள கிணற்றுக்குப் பூட்டிய இரும்புக் கம்பி மூடி உண்டு. அதன் திறப்பு பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்கும்' என்று எழுதுங்கள். அது உண்மையாக இல்லாவிட்டால், முதலில் மூடியைப் போட்டுவிட்டு அதன் பின்னர் விளம்பரத்தை அச்சுக்குக் கொடுங்கள். கண்காணிப்புக் கமராவைப் பெரிதாக எழுதுபவர்கள் கூட, பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளை கையளிக்கப்படும் என்பதையும், வேறொருவர் வருவதானால் பெற்றோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, 'சத்தான உணவு' என்பது வெறும் சொல். ஒரு நாளை முழுதாகக் காட்டுவதே மேல்: காலை 10 மணிக்குக் குரக்கன் கூழ், மதியம் உறைப்பில்லாத பருப்பும் கீரையும் சேர்த்த சோறு, மாலை 3 மணிக்கு வாழைப்பழம். வெள்ளிக்கிழமை மச்சம் சமைப்பதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் முதற்கேள்வியே அதுதான். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கக்கூடிய கச்சானையும் முழுத் திராட்சையையும் தவிர்ப்பதாக எழுதும் ஒரு வரி, சமையலறையில் விவரம் தெரிந்தவர் இருக்கிறார் என்பதைக் காட்டிவிடும். பிள்ளை சாப்பிட மறுத்தால் வற்புறுத்துவீர்களா, சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுப்பீர்களா, அன்று மாலையே தாயிடம் சொல்வீர்களா என்பதும் எழுத வேண்டியதே.

நாளாந்த ஒழுங்கைப் பாடசாலை நேரசூசிபோல அரை மணித்தியாலத்துக்கு ஒரு பாடமாக அடுக்குவது இன்னொரு தவறு. இரண்டு வயதுப் பிள்ளை அப்படி நடப்பதில்லை என்பது பெற்றோருக்குத் தெரியும். மதிய உறக்கம் எத்தனை மணிக்கு, உறங்காத பிள்ளை அப்போது என்ன செய்யும், உறங்கும் அறையில் யார் இருப்பார் என்பனவே போதும்.

மாலை நேரத்தையும் மழுப்பக் கூடாது. அலுவலகம் 4.15க்கு முடிந்து, சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வரவேண்டிய ஒருவருக்கு 'மாலை வரை' என்ற சொல்லால் பயனில்லை. 'மாலை 5.30 வரை, அதற்குப் பின்னும் ஒரு பொறுப்பாளர் பிள்ளையுடன் இருப்பார், மேலதிகக் கட்டணம் இவ்வளவு' என்று தொகையோடு எழுதுங்கள்.