எதிர்வாதத்துக்குப் பதில் எழுதும்போது உங்கள் வாதம் கரைந்துபோகாமல் இருக்க

நாவல் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் எதிர்வாதத்துக்கும் இடம் கொடு என்று சொன்னால், புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். யாரும் நம்பாத ஒரு சொத்தை வாதத்தைத் தாங்களே உண்டாக்கி அதை வீழ்த்துவது ஒன்று. நல்ல எதிர்வாதத்தைக் கொண்டுவந்து, 'இதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது' என்று தலையாட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது இன்னொன்று. முதலாவது கட்டுரையைச் சலிப்பாக்கும், அவ்வளவுதான். இரண்டாவதோ அதுவரை கட்டிய வாதத்தையே அவிழ்த்துவிடும். எதை ஒத்துக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பிரிக்காமல் எழுதுவதுதான் காரணம்.

ஒரே ஒரு நாவலை வைத்துப் பார்ப்போம். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' சென்னை வாசகர்களுக்குப் பழக்கமான கதை. மழை மாலையொன்றில் கல்லூரி மாணவி கங்கா முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள், அங்கே அவன் அவளோடு உடலுறவு கொள்கிறான். நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா போடும் கூச்சலில் விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா வெங்கட்ராமய்யர் படிக்க வைக்கிறார். படித்து, வேலைக்குப் போய், சொந்தக் காலில் நிற்கும் கங்கா, பல ஆண்டுகள் கழித்து அந்தக் காருக்குரிய பிரபுவைத் தானே தேடிப் போகிறாள்.

முதலில் உங்கள் வாதத்தை ஒரே வாக்கியமாக்குங்கள்

உதாரணத்துக்கு: 'கங்காவின் வாழ்வைக் குலைத்தது கார் சம்பவம் அல்ல, அதைக் குடும்பம் கையாண்ட விதம்.' இதில் 'குலைத்தது' என்ற வினையின் கீழே கோடு போட்டுவையுங்கள். எதிர்வாதம் வந்து மோதப்போவது பெரும்பாலும் வினையின் மேல்தான்.

எதிர்வாதத்தை நாவலுக்குள்ளேயே தேடுங்கள்

உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் இரண்டு மூன்று காட்சிகளைத் தாளில் எழுதுங்கள். எதைப் படிக்கும்போது 'இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா' என்று தோன்றுகிறதோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய எதிர்வாதம். இங்கே அது கங்கா பிரபுவைத் தேடிப் போவது. அதை அந்தக் கருத்து உள்ளவரே ஏற்றுக்கொள்ளும்படி எழுதிப் பாருங்கள்:

'கங்கா படித்தவள், சம்பாதிக்கிறாள், யாரையும் அண்டி வாழவில்லை. பிரபுவைத் தேடிப் போனதும், அவனோடு பழகியதும் அவளே எடுத்த முடிவுகள். ஆகவே பிற்பாடு அவள் வாழ்வு சிதைந்ததற்குக் குடும்பத்தைப் பொறுப்பாக்குவது அவளைப் பொம்மையாக்குவதாகும்.'

மூன்று வாக்கியம் போதும். 'சிலர் கூறலாம்' என்று தொடங்காதீர்கள். அந்தச் 'சிலர்' வந்தவுடனேயே, தோற்கப்போகிற ஆளை மேடையேற்றியிருக்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

செய்தியையும் முடிவையும் பிரியுங்கள்

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஓர் எதிர்வாதத்துக்குள் நாவலில் உள்ள செய்தி ஒன்றும், அதிலிருந்து எடுத்த முடிவு ஒன்றும் கலந்திருக்கும். மேலே உள்ளதில் செய்தி: கங்காவே தேடிப் போனாள். முடிவு: ஆகவே குடும்பத்துக்குப் பொறுப்பில்லை. செய்தியை முழுசாக ஒத்துக்கொள்ளுங்கள், மழுப்பாதீர்கள். நாவலில் இருப்பதை மறுத்தால் மூலத்தைச் சரியாகப் படிக்காதவர் என்று ஆகிவிடுவீர்கள். மறுக்க வேண்டியது நடுவில் இருக்கும் அந்த 'ஆகவே'யை.

அந்த 'ஆகவே'யை உடைக்கும் சான்று, எதிர்வாதம் காட்டுகிற அதே இடத்திலிருந்து வருவது நல்லது. வேறு அத்தியாயத்துக்குத் தாவினால் நழுவுவது போலத் தோன்றும். ஆகையால் தேடலின் தொடக்கத்துக்கே போங்கள். கங்கா ஏன் பிரபுவைத் தேடத் தொடங்குகிறாள்? இனி யாருக்கும் அவள் மனைவியாக முடியாது, முடிந்தால் அந்த மனிதனையே கண்டுபிடிக்கட்டும் என்ற மாமாவின் ஏளனம்தான் அந்தத் தேடலைத் தூண்டுகிறது. போவது அவள் முடிவு. ஆனால் போவதற்கு அந்த ஒரு திசைதான் உண்டு என்று வரைந்து வைத்தது மாமாவின் பேச்சு.

இன்னொரு சான்றும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. ஜெயகாந்தன் முன்பு எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அதே சம்பவம் நடக்கிறது. அங்கே அம்மா மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை வீட்டோடு முடிக்கிறாள். நாவலில் அந்தக் கதை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக வருகிறது. சம்பவம் ஒன்றுதான், வீடு நடந்துகொண்ட விதம் வேறு. நாவலே எடுத்துத் தரும் இந்த ஒப்பீட்டை விடாதீர்கள். ஆனால் இதை இரண்டாவதாக வையுங்கள். மாமாவின் சவாலைப் போல இது எதிர்வாதத்துக்கு நேரடிப் பதில் ஆகாது. குடும்பத்தின் பங்கை இது காட்டும், கங்காவின் முடிவுகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

வினையைத் திருத்துங்கள்

இப்போது கோடு போட்ட சொல்லுக்குத் திரும்புங்கள். கங்காவே முடிவெடுத்தாள் என்று ஒத்துக்கொண்ட பிறகு 'குலைத்தது' நிற்காது. 'கங்கா எந்தெந்த முடிவுகளை எடுக்க முடியும் என்பதற்கு எல்லை வகுத்தது, குடும்பம் அந்தச் சம்பவத்தைக் கையாண்ட விதம்தான்' என்று மாற்றுங்கள். இதைப் பின்வாங்கல் என்று பலர் பயப்படுகிறார்கள். வாக்கியத்தின் எழுவாய் மாறவில்லை, குடும்பம்தான் இன்னும் அங்கே நிற்கிறது. எழுவாயை விட்டுக்கொடுத்தால்தான் தோல்வி. 'குடும்பமும் ஒரு காரணம்' என்று எழுதினீர்களானால் அது நடந்துவிட்டது என்று பொருள். திருத்திய வினையை முன்னுரைக்கும் கொண்டுபோங்கள். முன்னுரையில் ஒன்று, முடிவுரையில் இன்னொன்று என்று இருப்பது திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

வாக்கிய வரிசை

தமிழில் வாக்கியத்தின் எடை கடைசியில் விழும். 'குடும்பமே எல்லை வகுத்தது என்றாலும், தேடிப் போனது கங்காதான்' என்றால் எதிராளி ஜெயித்துவிட்டார். 'தேடிப் போனது கங்காதான் என்றாலும், தேடும் திசையைக் காட்டியது மாமாவின் சவால்' என்றால் நீங்கள். சொன்ன செய்திகள் கிட்டத்தட்ட அவையேதான். பத்திக்கும் இதே விதி: கடைசி வாக்கியத்தை மட்டும் படித்துப் பாருங்கள், அது யார் கருத்து? எதிராளியுடையது என்றால் வரிசையை மாற்றுங்கள்.

இடமும் அளவும்

சுமார் 1,200 சொல் கட்டுரையில் இதற்கு 200 சொல் ஒதுக்கலாம். எதிர்வாதத்துக்கு 50, ஒத்துக்கொள்வதற்கு ஒரு வாக்கியம், மிச்சம் உங்கள் பதிலுக்கு. எதிர்வாதம் பதிலைவிட நீளமாகிவிட்டால், படிப்பவர் மனதில் அதுதான் தங்கும். உங்கள் இரண்டு முக்கியச் சான்றுப் பத்திகளுக்குப் பிறகு வையுங்கள். முடிவுரைக்குத் தொட்டு முன்னால் வேண்டாம்.

மேற்கோள் காட்டும்போது அத்தியாயத்தையும் குறிப்பிடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நீங்கள் குறிப்பெடுத்த பதிப்பும் உங்கள் ஆசிரியர் கையில் இருக்கும் பதிப்பும் வேறாக இருந்தால், பக்க எண் மட்டும் உதவாது.

தேடியும் அந்த 'ஆகவே'யை உடைக்கும் வரி நாவலில் கிடைக்காமல் போவதுண்டு. பிரபுவைப் பிரிந்த பின் கங்கா குடிக்கத் தொடங்குகிற கடைசிப் பகுதியையும் குடும்பத்தின் தலையிலேயே கட்டப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். அங்கே பதில் எழுதி மல்லுக்கட்டாதீர்கள். 'இக்கட்டுரை கங்கா பிரபுவைத் தேடிக் கண்டடையும் வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது' என்று முன்னுரையிலேயே வரம்பு போட்டுவிடுங்கள்.