மாடிக் குளியலறையைத் தொலைவிலிருந்து புதுப்பிக்கும்போது ஒப்பந்ததாரருக்கு எழுதித் தர வேண்டியவை

நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டின் மாடிக் குளியலறையை இரண்டு முறை இடித்துக் கட்ட வேண்டி வந்தது. முதல் முறை நான் டொராண்டோவிலிருந்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய குறிப்பில் டைல்ஸின் நிறமும் குழாய்களின் மாதிரியும் கண்ணாடியின் உயரமும்தான் இருந்தன. வேலை முடிந்ததும் வந்த படங்கள் அழகாக இருந்ததால் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து, கீழே சமையலறை சீலிங்கில் தட்டளவுக்கு ஒரு பழுப்பு வளையம் விழுந்திருப்பதாக அம்மா சொன்னார். டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தபோது, பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் வடிகால் வாயின் கழுத்தைச் சுற்றி வாட்டர்ப்ரூஃபிங் பூச்சே இல்லை.

அதனால் இரண்டாவது குறிப்பை முழுவதும் வேறு விதமாக எழுதினேன். குளியலறையில் பணத்தை விழுங்கும் தவறுகள் எல்லாம் டைல்ஸுக்கு அடியில்தான் நடக்கின்றன. ஆகவே எதை மூடுவதற்கு முன் வேலையை நிறுத்த வேண்டும், அப்போது எதைக் காட்ட வேண்டும் என்பதுதான் குறிப்பின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். டைல்ஸின் நிறத்துக்கு ஒரு வரி போதும்.

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது அங்கேயே முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒப்பந்ததாரரையும் மேஸ்திரியையும் அழைத்து, பக்கத்து அறையின் தரையிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில், குளியலறைச் சுவர்கள் நான்கிலும் ஒரே மட்டத்தில் நூல் அடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் இருந்தால் அரை மணி நேர வேலைதான். தரையை எவ்வளவு இடித்தாலும் அந்தக் கோடு சுவரில் நிற்கும். சுவர்ப் பூச்சைக் கொத்துவதற்கு முன் அதே மட்டத்தைக் கதவு நிலையிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எங்கிருந்தாலும், எல்லா ஆழங்களையும் அந்தக் கோட்டிலிருந்து டேப் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

அளவுகளை மில்லிமீட்டரில் எழுதாதீர்கள். நம் கொத்தனார்கள் அடி, அங்குலம், நூல் என்றுதான் கணக்கிடுகிறார்கள். 8 நூல் சேர்ந்தது 1 அங்குலம். எங்கள் குளியலறை 7 அடிக்கு 5 அடி. கதவிலிருந்து எதிர் மூலையில் உள்ள வடிகால் வாய்வரை 8 அடி. அடிக்கு ஒன்றரை நூல் வாட்டம் வைத்தால் மொத்தம் 12 நூல், அதாவது ஒன்றரை அங்குலம். கதவருகில் குளியலறைத் தரை வெளியறைத் தரையைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஆக, வடிகால் வாயின் சல்லடை கோட்டிலிருந்து 3 அடி 2 அங்குலம் கீழே வர வேண்டும். டைல்ஸ், அதன் அடிக்கலவை, வாட்டர்ப்ரூஃபிங்கின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 அங்குலம் விட்டோம். எனவே வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கும் பரப்பு அந்த மூலையில் 3 அடி 4 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

இந்தக் கணக்கைப் போடாமல் பழைய டைல்ஸின் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டினால் தரை உயர்ந்து, தண்ணீர் படுக்கையறைப் பக்கம் திரும்பும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வாட்டம் டைல்ஸில் மட்டும் இருந்தால் போதாது. அடியில் வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கும் பரப்பிலும் அதே வாட்டம் இருக்க வேண்டும். இணைப்புகளின் வழியே கசியும் சிறிதளவு நீர் அந்தப் பரப்பின் மேல்தான் ஓடும். அது சமமாக இருந்தால் நீர் அங்கேயே தங்கி ஓதம் ஏறும்.

வேலையை நிறுத்த வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, சுவருக்குள் குழாய்களைப் பதித்த பிறகு, பூசுவதற்கு முன். சிபிவிசி குழாய் இணைப்புகளின் பசை காய ஒரு நாள் விட்டு, கைப்பம்பால் 10 கிலோ அழுத்தம் ஏற்றி, முள் ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்பதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். அதே நேரத்தில் வெஸ்டர்ன் கோப்பையின் கழிவுக்குழாய் நடுப்புள்ளி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் அளந்து காட்ட வேண்டும். கோப்பையை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. நாங்கள் வாங்கியதற்கு 9 அங்குலம் தேவைப்பட்டது. ஆனால் அது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அளக்கும் அளவு. பூச்சுக்கும் டைல்ஸுக்கும் 1 அங்குலம் சேர்த்து, வெறும் செங்கல் சுவரிலிருந்து 10 அங்குலம் என்று எழுதினேன்.

இரண்டாவது நிறுத்தம்தான் முக்கியமானது. அதைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தேன்: "ஐயா, தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டிய பிறகு, இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கவும். பூச்சு சுவரில் 1 அடி உயரமும், ஷவர் பக்கம் 6 அடி உயரமும் ஏற வேண்டும்; வடிகால் வாயின் கழுத்துக்குள்ளும் இறங்க வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து, வாசலில் சிறு அணை கட்டி, தரையின் மிக உயர்ந்த இடத்திலும் 2 அங்குலம் நிற்கும்படி தண்ணீர் நிரப்பி, 48 மணி நேரம் விடவும். இந்தச் சோதனையின் படங்களைப் பார்த்து நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை டைல்ஸ் வேலையைத் தொடங்க வேண்டாம்."

இந்தச் சோதனையைப் பார்க்கப் போனவர் என் சித்தப்பா. அவருக்குக் கட்டட வேலை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டார். ஒரு வாளியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதன் உட்புறத்திலும் ஒரு கோடு போட்டு அதே அறையில் வைத்தார். சென்னை வெயிலில் தண்ணீர் ஆவியாகும் என்பதால், மட்டம் கொஞ்சம் இறங்குவதை வைத்தே கசிவு என்று முடிவு செய்துவிட முடியாது. வாளியில் இறங்கிய அளவே தரையிலும் இறங்கியிருந்தால் கவலை இல்லை. எங்களுக்கு வாளியில் 1 நூல் இறங்கியிருந்தபோது, தரையில் 3 நூல் இறங்கியிருந்தது. கீழே சீலிங்கில் இன்னும் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மீதி 2 நூல் தண்ணீர் எங்கோ போயிருக்கிறது என்று உறுதியாயிற்று. தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தால், கழிவுக்குழாய் தரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அதை வெட்டி அடைத்து, மறுபடி பூசி, மீண்டும் 48 மணி நேரம் நிறுத்தினோம். இதில் ஒப்பந்ததாரருக்கு ஒரு வாரம் தாமதமானது. அந்தத் தாமதத்துக்குக் குறிப்பிலேயே இடம் விட்டிருந்ததால் மனத்தாங்கல் வரவில்லை.

பணத்தையும் இந்த நிறுத்தங்களோடு இணைத்துவிட வேண்டும். நாங்கள் இடிப்பு தொடங்கும்போது 20 சதவீதமும், குழாய்ச் சோதனை முடிந்ததும் 25 சதவீதமும், தண்ணீர் நிறுத்திய சோதனை தேறியதும் 25 சதவீதமும், எல்லாம் பொருத்தி முடித்ததும் 20 சதவீதமும் தந்தோம். மீதி 10 சதவீதம், அம்மா 60 நாள் குளித்துப் புழங்கிய பிறகு. டைல்ஸுக்கும் குழாய்ச் சாமான்களுக்கும் கடைக்கே நேரடியாகப் பணம் அனுப்பியதால், ஒப்பந்ததாரர் பெரிய அட்வான்ஸ் கேட்கவில்லை. ஆனால் அவர் வாராவாரம் கூலி கொடுக்க வேண்டியவர். சோதனை தேறிய அன்றே பணம் அனுப்பாமல் இழுத்தடித்தால், அடுத்த சோதனையில் அவரிடமிருந்து பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

சுவர்களைப் பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரிலும் குழாய்களும் மின்கம்பிகளும் போகும் வழியை டேப் பிடித்தபடி நேராக நின்று படமெடுக்கச் சொன்னேன். அடுத்த ஆண்டு அம்மாவுக்காகக் கைப்பிடிக் கம்பி பொருத்த வந்தவர், அந்தப் படத்தைப் பார்த்துக் கலக்கும் வால்வின் குழாயிலிருந்து 4 அங்குலம் தள்ளித் துளையிட்டார்.